உபரி காட்டிய பட்ஜெட்டுக்குள் ஒளிந்திருந்த பற்றாக்குறை

2006இல் அயர்லாந்து அரசின் பட்ஜெட்டில் உபரி இருந்தது. சிறிய உபரி அல்ல, ஜிடிபியில் கிட்டத்தட்ட 3 சதவீதம். 2007இல் அது குறைந்தாலும் கணக்கு உபரியிலேயே முடிந்தது. அரசின் மொத்தக் கடனோ ஜிடிபியில் கால் பங்கு அளவுதான். ஐரோப்பாவில் ஒழுங்காக வரவு செலவு நடத்தும் அரசுகளைப் பட்டியலிட்டால் அயர்லாந்துக்கு மேலே சில பெயர்களே இருந்திருக்கும். 2009இல் அதே அரசின் பற்றாக்குறை ஜிடிபியில் ஏறத்தாழ 14 சதவீதம். வங்கிகளைக் காப்பாற்றக் கொடுத்த பணம் அதில் கொஞ்சம் உண்டு. அதைக் கழித்த பிறகும் மீதி இரட்டை இலக்கத்தில்தான் நின்றது.

இரண்டு ஆண்டுகளில் ஒரு அரசு இவ்வளவு ஊதாரியாகிவிட முடியாது. அந்தப் பற்றாக்குறையின் பெரும்பகுதி 2006, 2007 பட்ஜெட்டுகளுக்குள்ளேயே இருந்தது. உபரி என்ற எண் அதை மறைத்திருந்தது. நல்ல காலத்திலும் போகாத கட்டமைப்புப் பற்றாக்குறை, மந்தத்தோடு வந்து போகும் சுழற்சிப் பற்றாக்குறை என்ற பிரிவினை கண்டுபிடிக்க வேண்டியது இதைத்தான். அந்தச் சமயத்தில் அதுவும் கண்டுபிடிக்கவில்லை. ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று பார்ப்பதே இந்தக் கருத்துகளைப் புரிந்துகொள்ள நல்ல வழி. அதற்கு முன் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பார்த்துவிடலாம்.

ஐம்பதைப் பிரிப்பது

கற்பனையான ஒரு நாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே தொழிற்சாலைகள், ஆட்கள், இயந்திரங்கள் எல்லாம் மிதமான வேகத்தில், அதிகச் சூடும் இல்லாமல் மந்தமும் இல்லாமல் இயங்கினால் ஆண்டுக்கு 1,000 கோடி மதிப்புள்ள உற்பத்தி வரும். இதை இயல்பு உற்பத்தி என்போம். இந்த ஆண்டு மந்தம். உண்மையில் வந்தது 960 கோடி. இடைவெளி 40 கோடி.

அரசின் வருவாய் 370 கோடி, செலவு 420 கோடி. ஆகவே பற்றாக்குறை 50 கோடி. செய்தித்தாளில் வருவது இந்த எண்தான்.

செலவான 420 கோடியில் 24 கோடி, பழைய கடனுக்கான வட்டி. அரசுக்கு 600 கோடி கடன் இருக்கிறது, சராசரி வட்டி 4 சதவீதம். இந்த 24 கோடி, இப்போது பதவியில் இருப்பவர்கள் எடுத்த முடிவின் விளைவு அல்ல. கடந்த பல ஆண்டுகளில் யார் யாரோ வாங்கிய கடனுக்கு இந்த ஆண்டு வந்த பில். அதை எடுத்துவிட்டால் மிஞ்சும் 26 கோடிதான் முதன்மைப் பற்றாக்குறை. இந்த ஆண்டின் சம்பளம், ஓய்வூதியம், மானியம், சாலை, பள்ளி ஆகிய செலவுகளுக்கு இந்த ஆண்டின் வருவாய் எவ்வளவு போதவில்லை என்பதை அது சொல்கிறது. இதைக் கணக்கிட எந்தப் பொருளாதார மாதிரியும் வேண்டாம். கருவூலக் கணக்கில் வட்டி தனித் தலைப்பில் இருக்கும், கழித்துக்கொள்ளலாம்.

அடுத்த பிரிவினை இவ்வளவு எளிதல்ல. மந்தம் வந்தால் அரசு ஒரு சட்டத்தையும் மாற்றாமலேயே பற்றாக்குறை கூடும். லாபம் குறைவதால் நிறுவன வரி குறையும், விற்பனை குறைவதால் விற்பனை வரி குறையும், வேலை போனவர்களுக்கான உதவித்தொகை ஏறும். உற்பத்தி ஒரு ரூபாய் குறைந்தால் பட்ஜெட் எவ்வளவு கெடும்? ஐரோப்பாவில் பயன்படுத்தும் சராசரி மதிப்பு ஏறத்தாழ 50 பைசா. அங்கே அரசு ஜிடிபியில் ஏறக்குறைய பாதியைக் கையாள்கிறது, வேலையின்மை உதவியும் பெரிது. வரி வசூல் குறைவாகவும் வேலையின்மைக் காப்பீடு இல்லாமலும் இருக்கும் நாட்டில் இது அதில் பாதியளவு கூட இருக்கலாம்.

நம் நாட்டில் 50 பைசா என்றே வைத்துக்கொள்வோம். இடைவெளி 40 கோடி, அதில் பாதி 20 கோடி. இது சுழற்சிப் பற்றாக்குறை. மந்தம் நீங்கினால் தானாகவே கரைந்துவிடும். மீதி 30 கோடி கட்டமைப்புப் பற்றாக்குறை. நல்ல காலம் திரும்பினாலும் போகாது. இப்போதைய வரிச் சட்டங்களுக்கும் செலவு வாக்குறுதிகளுக்கும் இடையே இருக்கும் நிரந்தரமான பள்ளம் அது. அந்த 30இல் வட்டி 24ஐக் கழித்தால் கட்டமைப்பு சார்ந்த முதன்மைப் பற்றாக்குறை 6 கோடி.

இப்போது 50 என்ற எண்ணைத் திரும்பப் பார்த்தால் அது மூன்று வேறு விஷயங்களின் கூட்டல்: மந்தத்தால் வந்த 20, பழைய கடனால் வந்த 24, இன்றைய கொள்கையால் வந்த 6. தலைப்பு எண்ணைக் கண்டு அலறி, மந்தத்தின் நடுவிலேயே 50 கோடிக்குச் செலவை வெட்டினால் உற்பத்தி இன்னும் விழும், வரி இன்னும் குறையும். வெட்டியது 50 என்றாலும் பற்றாக்குறை 50 குறைந்திருக்காது.

வட்டியைக் கழித்தால் கடன் மறைந்துவிடுமா

முதன்மைப் பற்றாக்குறை இல்லை என்றால் எல்லாம் சரி என்று ஒரு எண்ணம் பலரிடம் உண்டு. சில சமயம் சரி, சில சமயம் இல்லை. எது எப்போது என்பதை வட்டி விகிதத்துக்கும் பொருளாதார வளர்ச்சி விகிதத்துக்கும் இடையிலான போட்டி முடிவு செய்கிறது. இங்கே வளர்ச்சி என்பது விலையேற்றத்தையும் சேர்த்தது, வட்டியும் அப்படியே.

நம் நாட்டின் கடன் 600, உற்பத்தி 960. கடன் ஜிடிபியில் 62.5 சதவீதம். முதன்மைக் கணக்கு சரியாகப் பூஜ்யம் என்று வைத்தால், வட்டி 24ஐயும் புதுக் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். அடுத்த ஆண்டு கடன் 624 ஆகும். ஜிடிபியும் 4 சதவீதம் வளர்ந்தால் விகிதம் மாறாது. வளர்ச்சி 2 சதவீதம் மட்டுமே என்றால், விகிதம் ஏறாமல் இருக்கக் கடன் 612ஐத் தாண்டக் கூடாது. அப்போது 12 கோடி முதன்மை உபரி வேண்டும். வளர்ச்சி 6 சதவீதம் என்றால் கடன் 636 வரை போகலாம், அதாவது 12 கோடி முதன்மைப் பற்றாக்குறையே வைத்துக்கொண்டும் விகிதம் நிலையாக இருக்கும். மேலே நாம் கண்டுபிடித்த அந்த 6 கோடி, ஒரு சூழலில் கவலைப்பட வேண்டாத தொகை, இன்னொரு சூழலில் கடனை ஆண்டுக்கு ஆண்டு ஏற்றிவிடும் தொகை.

இத்தாலி இதற்கு நடமாடும் சாட்சி. 1992 முதல் 2019 வரை, 2009ஐத் தவிர, ஒவ்வோர் ஆண்டும் அந்த நாடு முதன்மை உபரி காட்டியது. இத்தனை நீண்ட ஒழுக்கத்துக்கு இணை சொல்வது கடினம். ஆனால் 2019இல் அதன் கடன் ஜிடிபியில் 130 சதவீதத்துக்கு மேல். 1990களின் தொடக்கத்தில் வட்டிக்கு மட்டுமே ஜிடிபியில் 10 சதவீதத்துக்கும் அதிகமாகப் போனது. பிறகு வட்டி விகிதம் நன்றாக இறங்கியது, ஆனால் வளர்ச்சியும் இறங்கிவிட்டது. கடன் மலை பெரிதாக இருக்கும்போது வட்டிக்கும் வளர்ச்சிக்கும் நடுவே ஒரு சதவீத வித்தியாசம்கூட ஜிடிபியில் 1.3 சதவீதத்தைத் தின்றுவிடும். இத்தாலி ஊதாரி நாடு என்று பேசுபவர்கள் தலைப்புப் பற்றாக்குறையை மட்டும் பார்த்துப் பேசுகிறார்கள். அங்கே தீராத தலைவலி பழைய கடனும் நின்றுபோன வளர்ச்சியும்தான்.

அயர்லாந்துக்கு இந்த அளவுகோலை வைத்தால் என்ன தெரிகிறது? 2007இல் அதன் கடன் சிறிது, வட்டிச் செலவு ஜிடிபியில் ஒரு சதவீதம் போலத்தான். வட்டியைக் கழித்தால் உபரி இன்னும் கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவே. வட்டிக்கும் வளர்ச்சிக்குமான போட்டியிலும் அப்போது வளர்ச்சிதான் ஜெயித்துக்கொண்டிருந்தது. முதன்மைக் கணக்கு கடந்த காலத்தைக் கழிக்கிறது, சுழற்சியைக் கழிப்பதில்லை. ஆகவே கோளாறை அது காட்ட வாய்ப்பே இல்லை.

கட்டமைப்புக் கணக்கு எங்கே சறுக்கியது

சுழற்சியைக் கழிக்க வேண்டிய கணக்கும் 2007இல் அயர்லாந்தின் நிலை நன்றாகவே இருப்பதாகச் சொன்னது. பன்னாட்டு நாணய நிதியமும் ஐரோப்பிய ஆணையமும் பிற்பாடு தங்கள் மதிப்பீடுகளைத் திருத்தியபோது, அதே 2007ஆம் ஆண்டுக்குப் பெரிய கட்டமைப்புப் பற்றாக்குறை தெரிந்தது. வரவு செலவு எண்கள் மாறவில்லை. மாறியது அவற்றைப் பிரித்த கத்தி. இரண்டு இடங்களில் அது மழுங்கியிருந்தது.

முதலாவது, இயல்பு உற்பத்தி. அதை யாரும் எங்கும் அளந்து எடுத்ததில்லை. கிடைக்கும் புள்ளிவிவரங்களிலிருந்து ஊகிக்கிறார்கள். ஒரு வழி, பல ஆண்டுகளின் உற்பத்தி வரைகோட்டை எடுத்து மேடுபள்ளங்களைத் தேய்த்து மென்மையான கோடாக்குவது. ஹாட்ரிக்–பிரெஸ்காட் வடிகட்டி இப்படித்தான் வேலை செய்கிறது. நடுவில் இருக்கும் ஆண்டுகளுக்கு இது பரவாயில்லை, இரு பக்கமும் தரவு இருக்கும். கடைசி ஆண்டுக்குத்தான் சிக்கல். அதற்குப் பின்னால் என்ன வரப்போகிறது என்பது வடிகட்டிக்குத் தெரியாது, அதனால் வரைகோடு மேலே போய் நின்றால் மென்மையான கோடும் அதன் பின்னாலேயே மேலே போகும். கொள்கை வகுப்பவருக்கு வேண்டியது அந்தக் கடைசி ஆண்டின் விடைதான். இன்னொரு வழியில் உழைப்பு, மூலதனம், உற்பத்தித்திறன் மூன்றையும் தனித்தனியே மதிப்பிட்டுச் சேர்க்கிறார்கள். ஐரோப்பிய ஆணையம் இதைப் பயன்படுத்துகிறது. அதற்குள்ளும் உற்பத்தித்திறன் போக்கு, இயல்பான வேலையின்மை விகிதம் போன்றவற்றை மறுபடி ஊகித்துத்தான் ஆக வேண்டும்.

அயர்லாந்தில் வீடுகட்டும் வெறி உச்சத்தில் இருந்தபோது வெளிநாடுகளிலிருந்து தொழிலாளர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆள் பற்றாக்குறை வந்து கூலி எகிறி, ‘சூடு அதிகம்’ என்று எச்சரிக்கும் அந்த வழக்கமான அறிகுறி மங்கலாகவே தெரிந்தது. கட்டுமானத்தில் குவிந்த ஆட்களும் மூலதனமும் நாட்டின் நிரந்தரத் திறனாகக் கணக்கில் ஏறின. இயல்பு உற்பத்தி வீங்கியதால் உண்மையான உற்பத்தி அதற்கு அருகிலேயே இருப்பதுபோலத் தோன்றியது. இடைவெளி சிறிது என்றால் கழிக்க வேண்டிய சுழற்சிப் பகுதியும் சிறிது. உபரி முழுவதும் கட்டமைப்பின் பலம் என்றாகிவிட்டது.

நம் கற்பனை நாட்டில் இந்தப் பிழையின் விலை என்ன என்று பார்க்கலாம். இயல்பு உற்பத்தி 1,000 அல்ல, 980 என்று ஒரு நிபுணர் சொன்னால் இடைவெளி 20, சுழற்சிப் பகுதி 10, கட்டமைப்புப் பற்றாக்குறை 40. வட்டி போக மீதி 16. வெறும் 2 சதவீத மாற்றம்தான், ஆனால் நாம் 6 என்று சொன்னது 16 ஆகிவிட்டது. இந்த 2 சதவீதம், இத்துறையில் சாதாரணமாக நடக்கும் திருத்தத்தின் அளவுதான்.

இரண்டாவது கோளாறு இதைவிட ஆழமானது, பலரும் கவனிக்காமல் விடுவது. 50 பைசா என்ற அந்தச் சராசரி, வருவாய் உற்பத்தியோடு சேர்ந்து ஏறி இறங்கும் என்று கருதுகிறது. நிலம், வீடு, பங்கு கைமாறும்போது கிடைக்கும் வரி அப்படி நடப்பதில்லை. வீட்டு விலை இரட்டித்து, விற்பனையின் எண்ணிக்கையும் கூடினால், முத்திரைத் தீர்வை பல மடங்காகும், ஜிடிபி அந்த அளவு ஏறியிருக்காது. நிறுவன வரி, முத்திரைத் தீர்வை, மூலதன ஆதாய வரி மூன்றும் 1987இல் அயர்லாந்தின் வரி வருவாயில் 8 சதவீதம் போல இருந்தன. 2006இல் ஏறத்தாழ 30 சதவீதம். முத்திரைத் தீர்வை மட்டும் 2006இல் சுமார் 370 கோடி யூரோ தந்தது, 2009இல் சுமார் 100 கோடி. ஆகவே இயல்பு உற்பத்தியைச் சரியாகவே மதிப்பிட்டிருந்தாலும்கூட, 50 பைசா என்ற சராசரியை வைத்து இந்தக் குமிழி வருவாயைப் பிடித்திருக்க முடியாது.

அந்த வருவாயை நம்பி அரசு என்ன செய்தது என்பதுதான் கட்டமைப்பு என்ற சொல்லுக்கு உயிர் தருகிறது. குமிழி வருவாயைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் பெரிய சேதமில்லை. வருமான வரியின் சுமை குறைக்கப்பட்டது, பலர் வரி வலைக்கு வெளியே போனார்கள், சம்பளமும் உதவித்தொகைகளும் உயர்த்தப்பட்டன. ஒரு பக்கம் வந்து போகும் வரவு, மறுபக்கம் திரும்பப் பெற முடியாத செலவு. வீட்டுச் சந்தை நின்றதும் வரவு போயிற்று, செலவு இருந்தது. வேலையின்மை 5 சதவீதத்துக்குக் கீழிருந்து 15 சதவீதத்தை நெருங்கியபோது மந்தத்தின் சுமையும் மேலே ஏறியது. இந்த மேல்சுமைதான் உண்மையான சுழற்சிப் பகுதி. மீதி எல்லாம் ஏற்கெனவே அங்கே இருந்தது.

2010இல் அயர்லாந்தின் பற்றாக்குறை ஜிடிபியில் 30 சதவீதத்தைத் தாண்டியது. இதைப் பார்த்துக் கட்டமைப்புப் பள்ளம் 30 சதவீதம் என்று யாராவது சொன்னால் அது தவறு. அதில் பெரும்பகுதி வங்கிகளுக்குக் கொடுத்த ஒருமுறைத் தொகை. கட்டமைப்புக் கணக்கில் இப்படிப்பட்டவற்றையும் நீக்குவார்கள். சுழற்சியை மட்டும் கழித்த எண்ணுக்கும் கட்டமைப்பு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நீக்குவதில் வாய்ப்பும் உண்டு, தந்திரமும் உண்டு: பொதுத்துறைப் பங்கு விற்ற பணத்தை ‘வழக்கமான வருவாய்’ என்றும் வெள்ள நிவாரணத்தை ‘ஒருமுறைச் செலவு’ என்றும் வகைப்படுத்தும் அரசின் கணக்கு எப்போதும் அழகாகவே இருக்கும்.

எதிர்த் திசையில் அதே பிழை

நல்ல காலத்தில் பள்ளத்தை மறைக்கும் கணக்கு, கெட்ட காலத்தில் இல்லாத பள்ளத்தைக் காட்டும். ஸ்பெயினில் 2013இல் வேலையின்மை 26 சதவீதம். அந்தச் சமயத்து ஐரோப்பிய ஆணைய மதிப்பீட்டில் அந்த நாட்டின் ‘இயல்பான’ வேலையின்மையே 20 சதவீதத்துக்கு மேல். நெருக்கடிக்கு முன் ஸ்பெயினில் மொத்த வேலையின்மையே 8 சதவீதம் அளவில்தான் இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த மதிப்பீட்டின் விசித்திரம் புரியும். வேலையில்லாத ஐந்து பேரில் நால்வர் அந்த நாட்டின் இயல்பு என்று மாதிரி சொல்கிறது. அப்படியானால் இயல்பு உற்பத்தி தாழ்வு, இடைவெளி சிறிது, பற்றாக்குறையில் பெரும்பகுதி கட்டமைப்பு, ஆகவே இன்னும் வெட்டு. மந்தத்தில் வெட்டினால் உற்பத்தி விழும், விழுந்த உற்பத்தியைப் பார்த்து மாதிரி இயல்பு உற்பத்தியை மேலும் இறக்கும்.

2012இல் கையெழுத்தான ஐரோப்பிய நிதி ஒப்பந்தம், கட்டமைப்புப் பற்றாக்குறை பொதுவாக ஜிடிபியில் 0.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றது. திருத்தத்தில் 2 சதவீதம் நகரும் ஒரு எண்ணுக்கு 0.5 சதவீத வரம்பு. கருத்தளவில் குறை சொல்ல முடியாத விதி, அளவுகோலாக வைத்துத் தண்டிக்க உதவாத விதி என்றுதான் எனக்குப் படுகிறது.

அதற்காகக் கட்டமைப்புக் கணக்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதன் அளவைவிட மாற்றத்தைப் பார்ப்பது கொஞ்சம் பாதுகாப்பானது. இயல்பு உற்பத்தியின் மதிப்பீடு இரண்டு ஆண்டுகளுக்கும் ஒரே பக்கமாகத் தவறியிருந்தால் கழிக்கும்போது பிழையின் பெரும்பகுதி அடிபட்டுப்போகும். கட்டமைப்பு சார்ந்த முதன்மைக் கணக்கு போன ஆண்டைவிட ஜிடிபியில் ஒரு சதவீதம் மோசமானால், அரசு பணத்தை இறக்குகிறது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். அதோடு வரி வருவாயின் சேர்க்கையைப் பார்க்க வேண்டும். சொத்து கைமாறும்போது வரும் வரியின் பங்கு அதன் பழைய சராசரியைவிட எவ்வளவு வீங்கியிருக்கிறது? வீட்டுக் கடன், வெளிநாட்டு வரவு செலவில் விழும் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை இரண்டும் சேர்ந்து ஏறுகின்றனவா? செலவு, பத்தாண்டுச் சராசரி வளர்ச்சியைவிட வேகமாக ஓடுகிறதா? 2006இல் அயர்லாந்தைப் பார்த்து இவற்றைக் கேட்டிருந்தால், இயல்பு உற்பத்தியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே சந்தேகம் வந்திருக்கும்.

2024இல் நடைமுறைக்கு வந்த புதிய ஐரோப்பிய நிதி விதிகள் இந்தத் திசையில் ஒரு அடி வைத்திருக்கின்றன. ஆண்டுதோறும் கண்காணிக்கும் எண் இப்போது கட்டமைப்புப் பற்றாக்குறை அல்ல, நிகரச் செலவின் வளர்ச்சி. அதில் வட்டி சேராது, மந்தத்தால் ஏறும் வேலையின்மை உதவி சேராது, ஒருமுறைச் செலவுகள் சேரா. அரசு புதிதாக வரி போட்டால் அந்த வருவாயும் கழிக்கப்படும், வரியைக் குறைத்தால் அது செலவு கூடியதுபோலக் கணக்காகும். முத்திரைத் தீர்வை தானாகப் பொங்கி வந்தால் அதைக் காட்டிச் செலவை ஏற்ற இந்தக் கணக்கில் இடமில்லை. ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் அந்தச் செலவு எவ்வளவு வளரலாம் என்று நிர்ணயிக்கும்போது பல ஆண்டுக் கடன் கணிப்பு ஒன்றைப் போடுகிறார்கள். அந்தக் கணிப்புக்குள் இயல்பு உற்பத்தியின் மதிப்பீடு இன்னும் உட்கார்ந்திருக்கிறது.